‘ரத்து செய்வதற்கான ஓடிபி’ என்று ஒன்று இல்லை

வாசகி எழுதியது:

எனக்கு 61 வயது. செங்காங்கில் இருக்கிறேன், பாலர் பள்ளிச் சமையலறையில் வேலை. செவ்வாய்க்கிழமை மதியம் +65 என்று தொடங்கும் எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வங்கியின் அட்டைப் பிரிவு என்றார்கள். என் முழுப் பெயரையும் அட்டையின் முதல் நான்கு எண்களையும் சரியாகச் சொன்னார் அந்த ஆள். யாரோ என் அட்டையில் 1,480 வெள்ளிக்கு மடிக்கணினி வாங்குகிறார்களாம். நான் வாங்கவில்லை என்றதும், ரத்து செய்ய முழு அட்டை எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று எண்கள் எல்லாம் கேட்டார். “இப்போது ரத்து எண் வரும், படியுங்கள்” என்றார். வங்கியின் பழைய செய்திகள் இருக்கும் அதே இடத்தில் அந்த எண் வந்ததால் நம்பிச் சொல்லிவிட்டேன். அன்று ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை 4, 890, 945 வெள்ளி என்று மூன்று முறை பணம் போயிருக்கிறது. சனிக்கிழமை காலை செயலியில் பார்த்துவிட்டுப் பதினொன்றரை மணிக்கு வங்கியைக் கூப்பிட்டு அட்டையை நிறுத்தினேன். திங்கட்கிழமை பார்த்தால் மேலும் 912 வெள்ளி! மொத்தம் 2,751 வெள்ளி. எனக்கு எந்த எச்சரிக்கைச் செய்தியும் வரவில்லை. 12 மணி நேரப் பாதுகாப்பு இருக்கிறதே, அது ஏன் காக்கவில்லை? புதுச் சட்டப்படி வங்கிதான் தரவேண்டும் என்கிறார் தோழி. அதே கணக்கில் மத்திய சேமநிதியிலிருந்து எடுத்த 46,000 வெள்ளி இருக்கிறது. அதுவும் போய்விடுமா? மகன் திட்டுகிறான். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்:

அம்மா, 46,000 வெள்ளியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம், அதை இன்றே கவனிக்க வேண்டும்.

நீங்கள் அந்த ஆளிடம் கொடுத்தவை அட்டை விவரங்களும் ஒரே ஒரு ஓடிபியும். இணைய வங்கிக்குள் நுழையும் பயனர் பெயரையோ மறைச்சொல்லையோ கொடுத்ததாக எழுதவில்லை. அது உண்மையானால், அவர்களால் உங்கள் கணக்கிற்குள் நுழைந்து பணத்தை வேறு கணக்குக்கு மாற்ற முடியாது. அவர்களிடம் இருந்த ஒரே வழி அட்டை. ஆனால் அது கடன் அட்டை இல்லை, கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் எடுக்கும் டெபிட் அட்டை. உங்கள் கடிதத்திலிருந்து அப்படித்தான் தெரிகிறது. ஆகவே சனிக்கிழமை நீங்கள் அழைக்கும்வரை, அட்டையின் தினசரி வரம்பு அனுமதித்த அளவுக்கு அந்தச் சேமிப்பும் திறந்தே கிடந்தது. நீங்கள் கூப்பிடாமல் இருந்திருந்தால் இன்னும் அதிகம் போயிருக்கலாம்.

இனிச் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, வங்கியை மறுபடி அழையுங்கள். “அட்டையை நிறுத்தியாயிற்றா” என்று மட்டும் கேட்டால் போதாது. “இந்த அட்டையைச் சேர்த்திருக்கும் கைப்பேசிப் பணப்பைகள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கிவிட்டீர்களா, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு” என்று கேளுங்கள். ஆப்பிள் பே, கூகல் பே போன்றவற்றில் ஓர் அட்டையைச் சேர்க்கும்போது, அந்தக் கைப்பேசிக்கென்று தனியாக ஒரு மாற்று எண் உருவாகிறது. கடையில் தட்டும்போது போவது அந்த மாற்று எண்தான், அட்டையில் அச்சிட்ட எண் இல்லை. அட்டை தொலைந்து புதிதாகக் கொடுக்கும்போது வாடிக்கையாளருக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்பதற்காக, பழைய மாற்று எண்ணைப் புது அட்டையோடு தானாக இணைத்துவிடும் ஏற்பாடும் உண்டு. உங்கள் விஷயத்தில் அப்படி நடந்தால் புது அட்டையும் அவர்கள் கையில் இருப்பதாகிவிடும். மோசடி என்று பதிவாகி, எல்லா மாற்று எண்களும் அழிக்கப்பட்டனவா என்பதை ஊழியர் வாயால் சொல்லக் கேளுங்கள்.

இரண்டாவது, செயலியில் நீங்கள் சேர்க்காத பெறுநர் யாராவது இருக்கிறாரா, பரிமாற்ற வரம்பு உயர்ந்திருக்கிறதா, உங்கள் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. திட்டுவதற்குப் பதில் அவர் செய்யக்கூடிய உதவி இது.

மூன்றாவது, அன்றாடச் செலவுக்கு வேண்டியதை விட்டுவிட்டு மிச்சத்தைப் பூட்டிவையுங்கள். 2023 நவம்பரிலிருந்து சிங்கப்பூரின் மூன்று பெரிய உள்ளூர் வங்கிகளிலும் ‘பணப் பூட்டு’ வசதி இருக்கிறது. ஒவ்வொரு வங்கியும் அதற்கு வெவ்வேறு பெயர் வைத்திருக்கிறது. பூட்டிய தொகையை இணையம் வழியாக யாரும், நீங்களேகூட, வெளியே அனுப்ப முடியாது. திறக்க வேண்டுமானால் நேரில் போக வேண்டும். அந்தச் சிரமம்தான் அதன் பலம். சேமநிதிப் பணம் மாதா மாதம் எடுக்கும் பணம் இல்லையே.

அந்த ஓடிபி என்ன செய்தது

ஓடிபி என்பது ஒப்புதல். யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்யத் தொடங்கி, அட்டைக்காரர் சம்மதிக்க வேண்டிய கட்டத்துக்கு வந்தால்தான் வங்கியின் கணினி அந்த ஆறு எண்களை அனுப்பும். ஒன்றை நிறுத்த அது தேவையே இல்லை. வங்கி ஊழியருக்கு அட்டையை முடக்க வேண்டுமானால் தன் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது, உங்கள் எண் எதற்கு? ஆகவே “ரத்து செய்ய”, “தடுக்க”, “பணத்தைத் திருப்பித் தர” என்று யாராவது ஓடிபி கேட்டால், அந்த நொடியிலேயே அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். இதில் விதிவிலக்கு தேடத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததை இப்படிப் பாருங்கள். 1,480 வெள்ளி மடிக்கணினி என்ற ஒன்றே கிடையாது. அந்த ஆள் உங்களோடு பேசிக்கொண்டே, நீங்கள் சொன்ன அட்டை எண்ணையும் தேதியையும் மூன்று எண்களையும் தன் கையிலிருந்த இன்னொரு கைப்பேசியின் பணப்பையில் உள்ளிட்டிருக்கிறார். அது வங்கியிடம் “இந்த அட்டையை இந்தக் கைப்பேசியில் சேர்க்கலாமா” என்று கேட்டது. வங்கி உங்களிடம் கேட்டது. உங்கள் கைப்பேசிக்கு வந்த செய்தி ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும், வங்கிக்கு வங்கி சொற்கள் மட்டும் மாறும்:

```
Your OTP is 482913 to add card ending 4471 to Apple Pay.
Do not share this OTP.
```

இந்தச் செய்தியில் ரத்து என்பதற்கான சொல் எங்கும் இல்லை. `add card` என்றால் அட்டையைச் சேர்ப்பது. உங்கள் கைப்பேசியில் அந்தச் செய்தி இன்னும் இருந்தால் திறந்து முழுவதும் படியுங்கள். அது உங்கள் வழக்கின் மிக முக்கியமான தாள். அழித்துவிடாதீர்கள். திரையைப் படம் பிடித்து வையுங்கள். என் கணிப்பு தவறி, அதில் வேறு ஏதாவது இருந்தால் வங்கியிடம் உடனே சொல்ல வேண்டும். குறிப்பாக `token` அல்லது `payee` என்ற சொல் இருந்தால் நிலைமை வேறு. முதலாவது உங்கள் கணக்கை இன்னொரு கைப்பேசியிலிருந்து இயக்க அனுமதி, இரண்டாவது பணம் அனுப்பப் புதிதாக ஒருவரைச் சேர்த்தல். `SGD` என்றோ வேறு நாட்டு நாணயத்தின் பெயரோடு ஒரு தொகையோ இருந்தால், அது இணையத்தில் ஒரு பொருளை வாங்கச் சம்மதம் கேட்கிறது என்று பொருள்.

உங்களைப் போல் பலர் இதைப் படிக்காமல் விடுவதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டும் இல்லை. அழைப்பில் இருக்கும்போது செய்தி திரையின் மேல்விளிம்பில் சிறு பட்டையாகத் தோன்றும். பெரும்பாலும் எண் முன்னால் இருக்கும், எதற்கு என்பது பின்னால் போய் மறைந்துவிடும். அந்த ஆள் வேறு “சீக்கிரம், 60 வினாடியில் காலாவதியாகிவிடும்” என்று நெருக்கியிருப்பார். ஓடிபிக்கு ஆயுள் குறைவு என்பது உண்மைதான். அது காலாவதியானால் நட்டப்படுவது அவர், நீங்கள் இல்லை.

ஒரு முறை சேர்த்துவிட்டால் பிறகு ஓடிபி கேட்காது. கடையில் தட்டும்போது அந்தக் கைப்பேசியின் உரிமையாளர் தன் முகத்தையோ விரலையோ காட்டினால் போதும். அதனால்தான் செவ்வாய்க்கிழமை அமைதியாக இருந்தது. சேர்த்த அட்டையைச் சில நாள் விட்டுவைத்து, வாடிக்கையாளர் மறந்த பிறகு எடுப்பது இவர்கள் வழக்கம். வெள்ளிக்கிழமையின் அந்த 4 வெள்ளி, அட்டை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த சோதனை. அது நடந்ததும் பெரிய தொகைகள் தொடர்ந்தன. தெரியாத இடத்தில் சில வெள்ளி போயிருப்பதை எப்போது கண்டாலும், தொகை சிறிது என்று விடாமல் அப்போதே அட்டையை நிறுத்த வேண்டும்.

12 மணி நேரக் காத்திருப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அது இருப்பது உண்மை. ஆனால் அது டிஜிட்டல் டோக்கனுக்கு உரியது. 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். அதற்குப் பிறகு 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் கொண்டுவந்த ஏற்பாடுகளில் அது ஒன்று. யாராவது உங்கள் கணக்குக்கான டோக்கனைப் புதிய கைப்பேசியில் அமைத்தால் அது செயல்பட 12 மணி நேரமாவது ஆகும், அதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பது நோக்கம். பணப்பையில் அட்டையைச் சேர்ப்பது வேறு வாசல். அந்த வாசலில் இந்தக் காவலாளி நிற்கவில்லை. சில வங்கிகளில் இப்போது குறுஞ்செய்தி ஓடிபிக்குப் பதில் செயலிக்குள்ளேயே ஒப்புதல் கேட்கிறார்கள். உங்கள் வங்கியில் அந்த வசதி இருந்தால் புது அட்டைக்கு அதைக் கேட்டு வாங்குங்கள்.

நம்ப வைத்த நான்கு அடையாளங்கள்

நீங்கள் நம்பியதற்குச் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் அவர்கள் திட்டமிட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஏன் சான்றாகாது என்று பார்ப்போம்.

+65 நம் நாட்டு எண்தானே என்று நினைத்தீர்கள். உள்ளதை நேர்மாறாக எடுத்துக்கொள்ள வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டிலிருந்து வரும் சாதாரண அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி சேர்க்கப்படுகிறது. சிங்கப்பூருக்குள்ளிருந்து வரும் அழைப்பில் அது இராது, எட்டு எண்கள் மட்டும் தெரியும். ஆகவே நீங்கள் இங்கே இருக்கும்போது +65 என்று ஓர் அழைப்பு வந்தால், அது வெளியிலிருந்து வந்து உள்ளூர் எண்ணைப்போல் வேடமிட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். வெளிநாடு போயிருக்கும் உறவினரின் உள்ளூர் எண்ணும் இப்படித் தெரியலாம் என்பதையும் சொல்லவேண்டும். வாட்ஸ்அப் அழைப்புக்கு இந்த விதி பொருந்தாது, அங்கே எல்லா எண்ணும் கூட்டல் குறியோடுதான் இருக்கும். கூட்டல் குறி இல்லாததால் ஓர் அழைப்பு நல்லது என்றும் ஆகிவிடாது. உள்ளூர் சிம் அட்டைகளை அடுக்கிவைத்து அழைக்கும் கருவிகளைக் காவல்துறை இங்கேயே கைப்பற்றியிருக்கிறது. ஊரிலிருந்து உங்களுக்குச் சாதாரண அழைப்பு வருவதில்லை, எல்லாரும் வாட்ஸ்அப்தான் என்றால், வெளிநாட்டு அழைப்புகளை முழுவதும் தடுக்கும்படி தொலைபேசி நிறுவனத்திடம் கேட்கலாம்.

முழுப் பெயர் தெரிவது அதிசயமில்லை. பேநவ்வில் உங்கள் கைப்பேசி எண்ணைத் தட்டினாலே நீங்கள் பதிவு செய்த பெயர் தோன்றும். அட்டையின் முதல் நான்கு எண்கள் சான்றே இல்லை. அட்டையின் தொடக்க எண்கள் எந்த நிறுவனத்தின் அட்டை, எந்த வங்கி கொடுத்தது என்பதைக் குறிப்பவை. உங்கள் வங்கியில் அதே வகை அட்டை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அவை ஒன்றுதான். உங்களுக்கென்று தனியாக இருப்பவை பிற்பகுதி எண்கள், அவற்றைத்தான் அந்த ஆள் உங்களிடம் கேட்டு வாங்கினார். அவருக்குத் தெரியாததால்தான் கேட்டார்.

வங்கியின் பழைய செய்திகளுக்குக் கீழே வந்ததே என்பது நான்காவது. இங்கேதான் மிகப் பலர் ஏமாறுகிறார்கள். அந்தச் செய்தி உண்மையாகவே வங்கி அனுப்பியது. அனுப்ப வைத்தவர்தான் திருடர். செய்தி உண்மை என்பதால் அதைக் கேட்பவரும் உண்மையானவர் என்று ஆகாது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

போலிச் செய்தியே அதே வரிசையில் வந்து விழுந்த காலமும் உண்டு. கைப்பேசி அனுப்புநரின் பெயரை வைத்துத்தான் செய்திகளை அடுக்கும், பெயரைப் போலியாக இட்டால் அதுவும் அங்கேயே போய் உட்காரும். 2021இல் அப்படித்தான் நடந்தது. 2023 ஜனவரி 31 முதல் பெயரிட்டு அனுப்பும் நிறுவனங்கள் பதிவு செய்திருக்க வேண்டும், செய்யாதவர்களின் செய்தி `Likely-SCAM` என்ற தலைப்பில் வரும். அந்தத் தலைப்பைக் கண்டால் திறக்கவே வேண்டாம். வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் சொடுக்கும் இணைப்பு வைப்பதையும் நிறுத்திவிட்டன. ஆக, வங்கி பெயரில் இணைப்போடு ஒரு செய்தி வந்தால் அதை வங்கி அனுப்பவில்லை.

பணம் திரும்புமா

தோழி சொன்னது முழுவதும் தவறு இல்லை, ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. அவர் மனத்தில் இருப்பது 2024 டிசம்பர் 16இல் நடப்புக்கு வந்த பகிரப்பட்ட பொறுப்புக் கட்டமைப்பாக இருக்கும். அது சட்டமன்றச் சட்டம் இல்லை, வழிகாட்டு நெறிகள். வங்கியும் தொலைபேசி நிறுவனமும் தமக்கு இட்ட கடமைகளில் தவறியிருந்தால், முதலில் வங்கி, அடுத்து தொலைபேசி நிறுவனம் இழப்பை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அது போலி இணையத்தளத்தில் விவரங்களை உள்ளிட்டு ஏமாந்தவர்களுக்கானது. தொலைபேசியில் வாயால் சொன்னவர்களை அது உள்ளடக்கவில்லை. இது கடுமையாகத் தோன்றலாம், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, இருந்தாலும் எல்லை அங்கேதான் வரையப்பட்டிருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் மோசடியிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வேறொன்று. ஏமாந்துகொண்டிருப்பவர் நம்ப மறுத்துப் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தால், காவல்துறை அவர் கணக்குப் பரிவர்த்தனைகளை 30 நாள்வரை கட்டுப்படுத்த வழிசெய்கிறது. இழப்பீடு தருவது அதன் வேலை இல்லை.

அட்டை ஒப்பந்தத்தில் ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது என்று இருக்கும். வங்கி அதைத்தான் முதலில் காட்டும். செய்தியிலேயே பகிராதீர்கள் என்று எழுதியிருந்தோமே என்றும் சொல்லும். ஆகவே முழுத் தொகையும் வந்துவிடும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். அதற்காகக் கேட்காமல் விடவும் கூடாது. உங்கள் கையில் இரண்டு நல்ல கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, திங்கட்கிழமை தெரிந்த 912 வெள்ளி. கணக்கில் ஒரு செலவு பதிவாகும் நாளும் கடையில் நடந்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஓரிரு நாள் பிந்தலாம். அது வெள்ளிக்கிழமை நடந்து திங்கட்கிழமை பதிவாகியிருந்தால் மற்றவற்றோடு சேரும். சனிக்கிழமை பதினொன்றரைக்குப் பிறகு தட்டப்பட்டிருந்தால் கதை வேறு. நீங்கள் அறிவித்த பிறகும் அந்த மாற்று எண் வேலை செய்திருக்கிறது என்றாகிறது, அதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்? அந்தப் பரிவர்த்தனை நடந்த துல்லியமான நேரத்தை எழுத்தில் கேளுங்கள்.

மற்றொன்று, எச்சரிக்கை வராதது. மூன்று பெரிய தொகைகளும் 1,000 வெள்ளிக்குக் கீழ் இருப்பதைக் கவனித்தேன். செயலியில் அட்டைச் செலவுக்கான அறிவிப்பு வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். 1,000 என்று இருந்தால், வராததற்கு அதுவே காரணம். வங்கியைக் குறை சொல்வது கடினமாகிவிடும். வரம்பு குறைவாக இருந்தும் வரவில்லை என்றால், எந்த எண்ணுக்கு எந்த நேரத்தில் அனுப்பினார்கள் என்ற பதிவைக் கேளுங்கள். அட்டை ஒரு புதுக் கைப்பேசியில் சேர்க்கப்பட்டது என்று செவ்வாய்க்கிழமையே அறிவிப்பு வந்ததா என்பதையும் தேடுங்கள், குறுஞ்செய்தியில் இல்லாவிட்டால் மின்னஞ்சலில் இருக்கலாம். அது வந்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனம், வரவில்லை என்றால் வங்கி பதில் சொல்ல வேண்டியது. எப்படியானாலும் புது அட்டைக்கு வரம்பை ஒரு வெள்ளிக்கு இறக்கிவிடுங்கள்.

காவல்துறையில் புகார் செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யாவிட்டால் இன்றே செய்யுங்கள், சிங்பாஸ் மூலம் இணையத்திலும் செய்யலாம், பக்கத்துக் காவல் நிலையத்திலும் செய்யலாம். இந்த வகை மோசடியில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கடையில் கைப்பேசியைத் தட்டியிருந்தால் யாரோ ஒருவர் நேரில் நின்றிருக்கிறார். கண்காணிப்புப் படக்கருவியில் அவர் முகம் பதிந்திருக்கும். சிங்கப்பூரில் இப்படிப் பிறர் அட்டைகளைத் தட்டிப் பொருள் வாங்கியவர்கள் பிடிபட்டு நீதிமன்றம் சென்றிருக்கிறார்கள். படக்கருவிப் பதிவுகளைக் கடைகள் நெடுநாள் வைத்திருப்பதில்லை என்பதால் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

வங்கியின் இறுதிப் பதில் உங்களுக்கு நியாயமாகப் படாவிட்டால், ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைத் தகராறு தீர்வு நிலையத்துக்குப் போகலாம். அந்த இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே முதலில் சமரசப் பேச்சு, ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. வங்கி வாய்மொழியாக “முடியாது” என்றால் அதோடு விடாமல் கடிதமாகக் கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

இனி வரப்போகும் அழைப்பு

உங்கள் எண் இப்போது “ஒரு முறை பேசியவர்” என்ற பட்டியலில் இருக்கும். அடுத்து வருபவர் வங்கி என்று சொல்லமாட்டார். காவல் அதிகாரி, நாணய ஆணையத்து அதிகாரி, இழந்த பணத்தை மீட்டுத் தரும் நிறுவனம் என்று ஏதாவது சொல்வார். 2,751 வெள்ளி என்று தொகையைச் சரியாகவே சொல்வார், அதை எடுத்தவர்களுக்குத் தெரியாதா? “உங்கள் பணம் கிடைத்துவிட்டது, அனுப்ப ஓர் ஓடிபி” என்பார். தமிழிலும் பேசலாம். அரசாங்க அதிகாரிகள் தொலைபேசியில் வங்கி விவரம் கேட்பதில்லை, பணம் மாற்றச் சொல்வதில்லை, அழைப்பைக் காவல்துறைக்கு இணைத்துவிடுவதும் இல்லை. “இதோ அதிகாரிக்கு இணைக்கிறேன்” என்ற சொற்களைக் கேட்டதும் துண்டித்துவிடுங்கள்.

துண்டித்த பிறகு, அவர் கொடுத்த எண்ணுக்கோ அழைப்புப் பட்டியலில் இருக்கும் எண்ணுக்கோ திருப்பி அழைக்காதீர்கள். அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களே தட்டுங்கள். உண்மையிலேயே ஏதாவது இருந்தால் அங்கே தெரியும். சந்தேகத்தைக் கேட்க மட்டும் என்றால் 1799, இரவிலும் எடுப்பார்கள்.

கணவரிடம் சொல்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீட்டுத் தொலைபேசியையோ உங்கள் கைப்பேசியையோ அவர் எடுக்கும் ஒரு நாளில் இந்த ஆட்கள் பேசினால், “உங்கள் மனைவி ஏமாந்தாரே, அந்த விஷயமாக” என்று தொடங்குவார்கள். விஷயம் தெரியாதவர் பதறிப்போய் அவர்கள் சொல்வதை எல்லாம் செய்வார். அவர் உங்களிடமிருந்து கேட்டறிவது உங்கள் சேமிப்புக்கும் பாதுகாப்பு.

வங்கிக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்த எண்ணும் நேரமும், ஓடிபி செய்தியின் படம், நான்கு செலவுகளின் பட்டியல், சனிக்கிழமை நீங்கள் அழைத்த நேரம், காவல்துறைப் புகார் எண், மேலே சொன்ன இரண்டு கேள்விகள். ஓடிபியைச் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுங்கள், அவர்கள் பதிவில் அது ஏற்கெனவே இருக்கும். சனிக்கிழமை பேசிய ஊழியர் ஒரு குறிப்பு எண் கொடுத்திருப்பார். அது கையில் இல்லாவிட்டால், கைப்பேசியின் அழைப்புப் பட்டியலில் 11.30க்கு வங்கியை அழைத்தது தெரியும் பக்கத்தைப் படம் பிடித்துக் கடிதத்தோடு சேருங்கள். அந்தப் பட்டியலில் பழைய அழைப்புகள் சில வாரங்களில் மறைந்துபோகலாம், ஆகவே படத்தை முதலில் எடுத்துவிட்டுக் கடிதத்துக்கு உட்காருங்கள்.